அமைதி மண்டலங்களில் ஒலிப்பான் தடை: சென்னை மேற்குப் புறநகர்ப் பகுதிகளை முன்வைத்து ஒரு சட்ட விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அளவில் அமைதி மண்டலம் உண்டு என்பதும், அங்கே வாகனங்கள் ஒலிப்பானைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் பரவலாக அறியப்பட்டவை. ஆயினும் அத்தடை எச்சட்டத்தில் உள்ளது, எப்போது செயலுக்கு வருகிறது, அதை மீறியவர் மீது எவர் நடவடிக்கை எடுக்க இயலும் என்பன தெளிவாகப் பேசப்படுவதில்லை. ஒலி மாசு விதிகள், மோட்டார் வாகனச் சட்டம் ஆகிய இரண்டையும் இக்கட்டுரை இணைத்து வாசிக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகளின் நிர்வாக அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, டெசிபல் வரம்பைக் காட்டிலும் அரசாணை அறிவிக்கையும் சாலையோரப் பலகையுமே தடைக்கு நடைமுறை வலுவைத் தருகின்றன என்பதை விளக்குகிறது. வாகனப் புகைக்கு உள்ள காலமுறைச் சோதனை வாகன ஒலிக்கு இல்லாமையும் ஒப்பிட்டுக் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அமைதி மண்டலம், ஒலிப்பான், டெசிபல், மோட்டார் வாகனச் சட்டம், மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி

முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகர்கள் நெடுஞ்சாலைகளை ஒட்டி வளர்ந்தவை. பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் செல்லும் சி.டி.எச். சாலையும், பூந்தமல்லியைத் தொட்டுச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையும் சரக்குந்துகளுக்கும் வெளியூர்ப் பேருந்துகளுக்கும் உரிய வழித்தடங்கள். அதே வேளையில் அவை உள்ளூர் மக்கள் கடைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் தெருக்களாகவும் பயன்படுகின்றன. ஒரே சாலை இவ்விரு பயன்பாட்டையும் தாங்குவதால், நோயாளி படுத்திருக்கும் அறைக்கும் சரக்குந்தின் ஒலிப்பானுக்கும் இடையே பல இடங்களில் ஒரு சுற்றுச்சுவரும் சில மீட்டர் இடைவெளியுமே எஞ்சுகின்றன.

இந்நிலையைச் சட்டம் அறியாமல் இல்லை. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வெளியாயின. மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது ஒலிப்பானுக்கெனத் தனிப் பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. இரண்டும் நடைமுறையில் உள்ளன. எனினும் ஒன்று இடத்தைப் பற்றிப் பேசுகிறது. மற்றொன்று ஓட்டுநரைப் பற்றிப் பேசுகிறது. இவ்விரண்டும் சந்திக்கும் புள்ளியைக் கண்டறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைதி மண்டலம் என்னும் சட்டக் கருத்து

2000ஆம் ஆண்டு விதிகள் நிலப்பரப்பைத் தொழிற்பகுதி, வணிகப்பகுதி, குடியிருப்புப்பகுதி, அமைதி மண்டலம் என நான்காகப் பிரிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பகலிலும் இரவிலும் இருக்கத்தக்க ஒலிமட்டம் வரையறுக்கப்பட்டுள்ளது. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல், எஞ்சியது இரவு. தொழிற்பகுதிக்குப் பகலில் 75 டெசிபலும் இரவில் 70 டெசிபலும் வரம்பாக இருக்க, அமைதி மண்டலத்திற்குப் பகலில் 50 டெசிபலும் இரவில் 40 டெசிபலும் மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளன. இங்குக் குறிப்பிடப்படும் டெசிபல் மனிதச் செவியின் உணர்திறனுக்கேற்பத் திருத்தப்பட்ட அளவு. அது ஒரு நொடியில் எழும் உச்ச ஒலியைக் குறிப்பதன்று; குறிப்பிட்ட கால அளவு முழுவதும் நிகழ்ந்த ஒலியின் ஆற்றலைச் சராசரியாக்கிப் பெறும் சமான ஒலிமட்டம். இவ்வேறுபாடு பின்னர் வரும் கணக்கிற்கு இன்றியமையாதது.

விதிகள் தொடக்கத்தில் பகுதிக்கான வரம்பை வகுத்தனவே தவிர, ஒலிப்பானைத் தனியே எடுத்துப் பேசவில்லை. 2005ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று ஒலி மாசு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, விதிவிலக்கான சூழல் தவிர, ஒலிப்பானைப் பயன்படுத்த அனுமதிக்கக் கூடாது எனப் பணித்தது. இதன் தொடர்ச்சியாக 2010ஆம் ஆண்டு ஜனவரியில் விதிகளில் 5-ஏ என்னும் புதிய விதி இடம்பெற்றது. பொது நெருக்கடி தவிர்ந்த வேளைகளில், அமைதி மண்டலத்திலும், இரவில் குடியிருப்புப் பகுதியிலும் ஒலிப்பான் பயன்படுத்தப்படக் கூடாது என்பது அவ்விதியின் சாரம். அமைதி மண்டலத்தைப் பொறுத்தவரை இத்தடைக்குப் பகல், இரவு என்ற வேறுபாடு இல்லை. பள்ளி வேலைநேரம், விடுமுறை நாள் போன்ற விலக்குகளும் இல்லை.

2017ஆம் ஆண்டுத் திருத்தம்

மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்பது விதிகளின் அடிப்படை. அவ்வாறு தனியே அறிவிக்கப்பட வேண்டுமா, அல்லது ஒரு மருத்துவமனை இருந்தாலே அதைச் சுற்றியுள்ள பகுதி தானாகவே அமைதி மண்டலம் ஆகிவிடுமா என்ற கேள்வி நெடுங்காலம் விவாதத்தில் இருந்தது. தானாகவே ஆகும் என்னும் பொருளிலேயே நீதிமன்றங்களும் செயற்பாட்டாளர்களும் விதிகளைப் பெரிதும் வாசித்து வந்தனர்.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 அன்று நடுவணரசு மூன்றாம் விதியில் ஒரு புதிய உட்பிரிவைச் சேர்த்தது. மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டாலன்றி எந்தப் பகுதியும் அமைதி மண்டலம் என்னும் வகைக்குள் வராது என்பதே அதன் பொருள். மும்பை உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. சில நாட்களிலேயே, 2017 செப்டம்பர் 4 அன்று, உச்ச நீதிமன்றம் அந்த இடைக்கால ஆணையை நிறுத்திவைத்ததால் திருத்தம் செயலில் நீடித்தது.

இம்மாற்றம் சிறிய சொல் மாற்றம் போலத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. முன்பு ஒரு மருத்துவமனையின் இருப்பே சான்றாகக் கொள்ளப்பட்டது. இப்போது அம்மருத்துவமனையின் பெயரோ அது அமைந்த பகுதியோ அறிவிக்கையில் இடம்பெற வேண்டும். புறநகர்களில் இது கூடுதல் சிக்கலைத் தருகிறது. பழைய நகரத்தில் பெரிய அரசு மருத்துவமனைகள் நூற்றாண்டுக் காலமாக ஒரே இடத்தில் இருப்பவை. புறநகரிலோ தனியார் மருத்துவமனைகளும் பள்ளிகளும் அடிக்கடி தொடங்கப்படுகின்றன, இடம் மாறுகின்றன, விரிவாக்கப்படுகின்றன. ஒருமுறை வெளியிடப்பட்ட பட்டியல் காலந்தோறும் புதுப்பிக்கப்படாவிடில், புதிதாக எழுந்த மருத்துவமனைக்கு 5-ஏ விதியின் முழுப் பாதுகாப்புக் கிடைக்காது.

டெசிபல் கணக்கு காட்டுவது

அமைதி மண்டலத்தைக் காக்க ஒலியளவி போதும் என்று கருதுவோர் உண்டு. ஒரு கணக்கின் வழி இதைச் சோதித்துப் பார்க்கலாம். சாலையிலிருந்து 20 மீட்டர் உள்ளே நோயாளிகள் அறையின் சன்னல் அமைந்த ஒரு மருத்துவமனையைக் கற்பனை செய்துகொள்வோம். சி.டி.எச். சாலை போன்ற ஒரு சாலையில் இது வழக்கமான இடைவெளியே.

வாகனத்தில் பொருத்தப்பட்ட ஒலிப்பான், வாகனத்தின் முன் 7 மீட்டர் தொலைவில் 93 முதல் 112 டெசிபல் வரை ஒலிக்கலாம் என்பது வாகன வகை ஒப்புதலில் பின்பற்றப்படும் அளவுகோல். ஆற்றல் குறைந்த இருசக்கர வாகனங்களுக்குக் கீழ்வரம்பு இதனினும் குறைவு. இக்கணக்கிற்கு 93 டெசிபலையே, அதாவது காருக்கும் பேருந்துக்கும் உரிய மிகக் குறைந்த அளவையே, எடுத்துக்கொள்வோம். திறந்தவெளியில் தொலைவு இருமடங்காகும்போது ஒலிமட்டம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். அவ்வகையில் 7 மீட்டரில் 93 டெசிபலாக உள்ள ஒலி, 20 மீட்டரில் 84 டெசிபலாகவும் 100 மீட்டரில் 70 டெசிபலாகவும் இருக்கும். அதாவது, மண்டலத்தின் விளிம்பில் எழுப்பப்படும் ஒலிகூட மையத்தை அடையும்போது 50 டெசிபலை மிஞ்சியே இருக்கிறது.

இனிச் சராசரியைக் காண்போம். அந்தச் சாலையில் நிமிடத்திற்கு ஒருமுறை, ஒரே ஒரு விநாடி மட்டும், ஒலிப்பான் ஒலிக்கிறது என்க. வேறெந்த ஒலியும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், சன்னலருகே சமான ஒலிமட்டம் 66 டெசிபலாகிறது. இது பகல்நேர வரம்பைவிட 16 டெசிபல் அதிகம். 50 டெசிபலுக்குள் அடங்க வேண்டுமாயின் ஏறத்தாழ 42 நிமிடத்திற்கு ஒரு விநாடி மட்டுமே ஒலிப்பான் ஒலிக்கலாம். இரவின் 40 டெசிபல் வரம்பிற்கோ ஏழு மணி நேரத்திற்கு ஒரு விநாடி. எட்டு மணி நேர இரவு முழுவதற்கும் உரிய ஒலியை ஒரே ஒரு பேருந்து ஒரே அழுத்தத்தில் செலவிட்டுவிடுகிறது. ஒலிப்பானின் ஒலி முன்னோக்கியே மிகுதியாகச் செல்லும், பக்கவாட்டில் குறையும் என்பதைக் கருதி 10 டெசிபலைக் கழித்தாலும், பகலில் நான்கு நிமிடத்திற்கு ஒரு விநாடி என்பதே எல்லையாகிறது.

ஒலிப்பானே இல்லாத நிலையிலும் வாகனங்கள் ஒலியெழுப்பாமல் ஓடுவதில்லை. புதிய கார் ஒன்று, முழு முடுக்கத்துடன் கடக்கும்போது, 7.5 மீட்டர் தொலைவில் 74 டெசிபல் வரை ஒலி எழுப்பச் சட்டமே அனுமதிக்கிறது. கனரக வாகனங்களுக்கு இவ்வரம்பு 80 டெசிபல் வரை செல்கிறது. எனவே போக்குவரத்து மிக்க சாலையோரத்தில் 50 டெசிபல் என்பது ஒலிப்பானை முற்றிலும் நிறுத்தினாலும் எட்ட இயலாத அளவாகவே இருக்கும். நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011 முதல் நடத்திவரும் தேசியச் சுற்றுப்புற ஒலிக் கண்காணிப்பு வலையமைப்பில் சென்னைக்குப் பத்து நிலையங்கள் அமைந்தன. அவற்றுள் அமைதி மண்டலத்திற்குரியது எழும்பூர்க் கண் மருத்துவமனை. அங்குப் பதிவான அளவுகள் 50 டெசிபலை மீறியே வந்துள்ளன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்றும் அப்பத்து நிலையங்களின் பட்டியலில் இல்லை.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, ஒலியளவி ஓர் இடம் இரைச்சலாக உள்ளது என்பதை மட்டுமே சொல்லும். எந்த வாகனம் அதற்குப் பொறுப்பு என்பதைச் சொல்லாது. சராசரியில் எல்லா ஓட்டுநரின் பங்கும் கலந்துவிடுகிறது. மற்றொன்று, வரம்பு மீறல் நாள்தோறும் நிகழும் இடத்தில் அதை அளந்து காட்டுவது மட்டும் எவரையும் திருத்தாது. ஆகவேதான் 5-ஏ விதி அளவைக் குறிப்பிடாமல் செயலையே தடை செய்தது. எத்தனை டெசிபல் என்னும் கேள்விக்கு அங்கே இடமில்லை. ஒலிப்பான் ஒலித்ததா, இல்லையா என்பதே கேள்வி.

பலகையின் சட்ட வலு

5-ஏ விதி சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986 என்பதன் கீழ் வருவது. அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு முன்பு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதித்தது. 2024 ஏப்ரல் 1 முதல் சிறைத் தண்டனை நீக்கப்பட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கத் தீர்ப்பளிக்கும் அலுவலருக்கு அதிகாரம் வழங்கப்பட்டது. தொழிற்சாலைக்கும் ஒலிபெருக்கி உரிமையாளருக்கும் இம்முறை பொருந்தும். சில விநாடிகளில் கடந்து செல்லும் வாகனத்திற்கு இத்துணை நீண்ட விசாரணை முறை பொருந்துவதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து, 200 மீட்டர் நீளமுள்ள அமைதி மண்டலத்தை 18 விநாடிகளில் கடந்துவிடுகிறது.

அவ்வாகனத்தை அங்கேயே நிறுத்தி நடவடிக்கை எடுக்க உதவுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-எஃப் பிரிவு. இது மூன்று செயல்களைக் குற்றமாக்குகிறது. தேவையின்றியோ, தொடர்ந்தோ, பாதுகாப்புக்கு வேண்டிய அளவை மீறியோ ஒலிப்பானை ஒலிப்பது முதலாவது. ஒலிப்பானைத் தடை செய்யும் போக்குவரத்துக் குறியீடு உள்ள பகுதியில் அதை ஒலிப்பது இரண்டாவது. சைலன்சரின் வழியன்றி வேறு வழியில் புகையை வெளியேற்றும் அமைப்பைப் பயன்படுத்தி வாகனம் ஓட்டுவது மூன்றாவது. முதல்முறைக்கு ஆயிரம் ரூபாயும், அடுத்தடுத்த முறைகளுக்கு இரண்டாயிரம் ரூபாயும் அபராதம்.

முதற்செயலுக்கும் இரண்டாம் செயலுக்கும் உள்ள வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. தேவையின்றி ஒலித்தார் என்று காவலர் கூறினால், குறுக்கே ஒருவர் வந்தார், ஆட்டோ திடீரென நின்றது என ஓட்டுநர் மறுமொழி கூற இயலும். தேவை என்பது கருத்தைச் சார்ந்தது. பலகை உள்ள பகுதியிலோ இவ்வாதத்திற்கு இடம் குறுகிவிடுகிறது. பலகை இருந்தது, ஒலிப்பான் ஒலித்தது என்னும் இரண்டு உண்மைகளே போதுமானவை. அதே வேளையில் அப்பிரிவு அமைதி மண்டலம் என்ற சொல்லைக் கையாளவில்லை என்பதையும் மறக்கலாகாது. அரசிதழில் அறிவிக்கப்பட்ட மண்டலமாகவே இருந்தாலும், சாலையில் பலகை இல்லையெனில் 194-எஃப் பிரிவின் இரண்டாம் பகுதியைப் பயன்படுத்த இயலாது. காவலர் மீண்டும் தேவையின்றி என்ற தளர்ந்த சொல்லுக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

பலகை என்பதும் எந்தப் பலகையும் ஆகாது. சிவப்பு வட்டத்தினுள் ஒலிப்பான் உருவம் வரைந்து குறுக்குக் கோடு இட்ட குறியீடு, சட்டத்தின் முதல் அட்டவணையில் கட்டாயக் குறியீடுகளுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. அதை நிறுவும் அதிகாரம் 116ஆம் பிரிவின்படி மாநில அரசுக்கும் அரசால் அதிகாரமளிக்கப்பட்ட அமைப்புக்கும் உரியது. மருத்துவமனை நிர்வாகமோ பள்ளியோ தன் மதிற்சுவரில் எழுதிவைக்கும் ‘ஒலி எழுப்பாதீர்’ என்னும் வாசகம் நல்லெண்ண வேண்டுகோளேயன்றிச் சட்டம் கூறும் போக்குவரத்துக் குறியீடு ஆகாது. முறையான பலகையும் மண்டலம் தொடங்கும் இடத்திற்கு முன்பே, இரு திசைகளிலும், வந்து இணையும் பக்கத் தெருக்களிலும் இருந்தால்தான் ஓட்டுநருக்கு முன்னறிவிப்பு ஆகும். மருத்துவமனை வாயிலிலேயே நட்டால், ஓட்டுநர் அதைக் காணும்போது மண்டலத்தின் பாதியைக் கடந்திருப்பார்.

மூன்று ஊர்களும் பல அதிகாரங்களும்

மேற்குப் புறநகர்களில் இக்கண்ணிகளை இணைப்பவர் எவர் என்பதே கடினமான கேள்வி. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு அதன் ஏழாவது மண்டலமாயிற்று. 2018இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்திற்குள் வந்தது. ஆனால் 2022 ஜனவரியில் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் செயற்படத் தொடங்கியபோது, அம்பத்தூரின் காவல் அதன்கீழ்ச் சென்றது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. இவ்விரண்டும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை; காவல் ஆவடி ஆணையரகத்தினது. வாகனப் பதிவைப் பொறுத்தவரை அம்பத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் குறியீடு டி.என். 13, பூந்தமல்லியினது டி.என். 12. ஊடே செல்லும் நெடுஞ்சாலைகளோ உள்ளாட்சியின் பராமரிப்பில் உள்ள தெருக்கள் அல்ல.

அம்பத்தூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொண்டால் நிலைமை விளங்கும். அப்பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்க வேண்டியது மாநில அரசு. பலகை நட வேண்டிய இடம் நெடுஞ்சாலையினது. அதனுடன் இணையும் பக்கத் தெரு மாநகராட்சியினது. தண்டம் விதிக்க வேண்டியவர் ஆவடிக் காவலர். ஒலி மாசு விதிகள் உரிய அதிகாரி என்னும் சொல்லால் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஆகியோருள் அரசால் குறிக்கப்பட்டவரைச் சுட்டுகின்றன. அம்பத்தூருக்கு ஆட்சியர் ஒரு மாவட்டத்தவர். காவல் ஆணையரின் எல்லையோ அம்மாவட்டத்தைக் கடந்து விரிவது. ஒருவர் மற்றவருக்குக் கோப்பை அனுப்பும் வாய்ப்பு இதில் இயல்பாகவே அமைந்துள்ளது.

பொதுமக்கள் முறையிடும் வழியிலும் இச்சிக்கல் தொடர்கிறது. ஒலிமட்டம் வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ மிகுந்தால், அல்லது இரவுநேரக் கட்டுப்பாடு மீறப்பட்டால், உரிய அதிகாரியிடம் எவரும் முறையிடலாம் என்பது ஏழாம் விதி. பகலில் முறையிட, அமைதி மண்டலத்தில் 60 டெசிபல் எட்டப்பட வேண்டும். மேலே கண்ட கணக்கின்படி நிமிடத்திற்கு ஒரு விநாடி ஒலிப்பானே இதைத் தாண்டச் செய்துவிடும். எனவே முறையீட்டிற்குத் தடையாக இருப்பது டெசிபல் அன்று. அப்பகுதி அறிவிக்கப்பட்ட அமைதி மண்டலந்தானா என்பதே தடை. அறிவிக்கை இல்லையெனில், நெடுஞ்சாலையோர மருத்துவமனை வணிகப்பகுதியாகக் கொள்ளப்பட்டு, 65 டெசிபல் என்னும் வரம்பும் அதன்மேல் 10 டெசிபலும் பொருந்தக்கூடும். அப்போது அதே 66 டெசிபல், முறையிடத்தக்க அளவுக்கு 9 டெசிபல் கீழே நிற்கும். ஒலி மாறவில்லை, வகை மாறியதும் உரிமை மாறிவிடுகிறது.

பிற நகரங்களின் பட்டறிவு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மும்பைக் காவல்துறை 2020 ஜனவரியில், சந்திப்பில் காத்திருப்போர் எழுப்பும் ஒலி 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும் ஏற்பாட்டைச் செய்து காட்டியது. அது கூட்டு ஒலியை அளந்து கூட்டாகத் தண்டிக்கும் முறை. விழிப்புணர்வுக்கு உதவும், தனியொருவரைக் குற்றவாளியாக்காது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் 2017 ஏப்ரல் 14 முதல் தேவையற்ற ஒலிப்பான் பயன்பாடு தடை செய்யப்பட்டது. அங்கே தடை சில 100 மீட்டர் வட்டங்களுக்கானதாக இல்லாமல் நகரம் முழுமைக்கும் அமைந்ததால், எல்லை எங்கே தொடங்குகிறது என்ற வாதமே எழவில்லை. மேற்குப் புறநகர்களில் மருத்துவமனைகளும் பள்ளிகளும் நெருங்கியமைந்த சாலைப் பகுதிகளுக்குத் தனித்தனி வட்டங்களைக் காட்டிலும் தொடர்ச்சியான ஒரே நீட்சியாகப் பலகை அமைப்பது இதனால் பொருத்தமாகிறது.

புகைக்குச் சான்றிதழ், ஒலிக்கு இல்லை

ஒலிப்பானைக் கடந்து வாகனத்தின் ஒலியைக் கருதும்போது, புகைக்கும் ஒலிக்கும் சட்டம் காட்டும் வேறுபாடு புலனாகிறது. நடுவண் மோட்டார் வாகன விதிகள், 1989 என்பதன் 115ஆம் விதி புகையைப் பற்றியது. முதற்பதிவிலிருந்து ஓராண்டு கடந்ததும் ஒவ்வொரு வாகனமும் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பாரத் ஸ்டேஜ் 4, 6 வகை வாகனங்களுக்கு இது ஓராண்டும் பழைய வாகனங்களுக்கு ஆறு மாதமும் செல்லும். பெட்ரோல் வாகனமாயின், இயந்திரம் நின்றபடி ஓடும் நிலையில் புகைக்குழாயில் உணர்கருவியைச் செருகிக் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் ஆகியவற்றை அளப்பர். டீசல் வாகனமாயின், நின்ற நிலையில் முடுக்கியை முழுதும் அழுத்திப் புகையின் அடர்த்தியை அளப்பர். ஆக, சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்திற்கே உரிய எளிய சோதனை ஒன்று புகைக்கு உண்டு.

ஒலிக்கு அத்தகைய காலமுறைச் சான்றிதழ் இல்லை. 120ஆம் விதி சைலன்சர் கட்டாயம் என்கிறது. வாகனம் எழுப்பத்தக்க ஒலியின் வரம்பு, தயாரிப்பாளர் வகை ஒப்புதல் பெறும் நிலைக்கு உரியது. இருசக்கர வாகனங்களுக்கு இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்து 75, 77, 80 டெசிபல் என அது அமைகிறது. அதை அளக்கத் தடையற்ற சோதனைத் தளம் வேண்டும். பின்னணி ஒலி மிகக் குறைந்திருக்க வேண்டும். குறித்த வேகத்தில் வந்து முழுமையாக முடுக்க வேண்டும். ஆவடிச் சோதனைச் சாவடியில் நிற்கும் காவலரால் இவற்றுள் ஒன்றையும் செய்ய இயலாது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஒருவர் தம் மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றிவிட்டு, உட்தடுப்பு இல்லாத வேறொரு குழாயைப் பொருத்துகிறார். நின்றபடி ஓடும் இயந்திரத்தின் கார்பன் மோனாக்சைடு வரம்புக்குள் இருந்தால், அவ்வாகனம் புகைச் சோதனையில் தேறிவிடலாம். சோதனை நிலையத்தின் கணினி எண்களை மட்டுமே காண்கிறது. சொந்தப் பயன்பாட்டு வாகனமாதலால் பதிவுக்குப்பின் 15 ஆண்டுகள் வரை மோட்டார் வாகன ஆய்வாளர் முன் அது செல்ல வேண்டியதும் இல்லை. பேருந்தும் சரக்குந்தும் எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியவை. அங்கே ஒலிப்பானும் சைலன்சரும் பார்வையிடப்படுகின்றன. எனினும் ஏர் ஹாரன் எனப்படும் காற்றொலிப்பானை எஃப்.சி. நாளன்று கழற்றி, மறுநாள் பூட்டுவதற்குச் சில நிமிடங்களே தேவைப்படும்.

இங்கும் கண்ணால் காணத்தக்க குற்றமே நடவடிக்கைக்கு எளிது. பல சுரங்களில் மாறிமாறி ஒலிப்பதும், மிகையாகக் கரகரத்தோ கூர்மையாகவோ அச்சுறுத்தும் வகையிலோ ஒலிப்பதும் ஆகிய ஒலிப்பான்களை வாகனத்தில் பொருத்துவதையே 119ஆம் விதி தடை செய்கிறது. ஆம்புலன்சு, தீயணைப்பு ஊர்தி போன்றவற்றுக்கு இதில் விலக்கு உண்டு. அனுமதியின்றி வாகனத்தை மாற்றியமைத்த உரிமையாளர் மீது 182-ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஐந்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, காற்று மாசுத் தரங்களை மீறும் வாகனத்தை ஓட்டுவோருக்கு 190ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஆயினும் அப்பிரிவு தரத்தை மீறியதாகக் காட்டக் கோருவதால், புகைக்கு எளிதாகவும் ஒலிக்கு அரிதாகவும் பயன்படுகிறது. காற்றொலிப்பானின் அழுத்தக் கலனும் குழலும், மாற்றப்பட்ட சைலன்சரும் கண்ணுக்குத் தெரியும் சான்றுகள். அவற்றைப் பார்த்து எழுதப்படும் வழக்குக்கு ஒலியளவி தேவையில்லை.

முடிவுரை

மேற்கண்ட வாசிப்பிலிருந்து, அமைதி மண்டலம் என்பது மூன்று கண்ணிகளால் ஆன சங்கிலி என்பது தெளிவாகிறது. மாநில அரசின் அறிவிக்கை முதல் கண்ணி. சாலையில் நடப்பட்ட கட்டாயக் குறியீட்டுப் பலகை இரண்டாவது. அப்பலகையை ஆதாரமாகக் கொண்டு எழுதப்படும் 194-எஃப் வழக்கு மூன்றாவது. டெசிபல் வரம்பு இச்சங்கிலிக்குக் காரணம் கூறுகிறதேயன்றி, அதன் கண்ணியாக அமைவதில்லை. நெடுஞ்சாலையோரத்தில் 50 டெசிபலை எட்ட இயலாது என்பதால் தடை பொருளற்றதாகிவிடாது. ஒரு விநாடி ஒலிப்பானே வரம்பை உடைத்துவிடும் என்னும் கணக்கு, அளவைவிடச் செயலைத் தடை செய்வதே சரியான வழி என்பதை உறுதிப்படுத்துகிறது.

ஆகவே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகளில் ஒரு மருத்துவமனையோ பள்ளியோ தன் அமைதியைக் கோரும்போது, முதலில் கேட்கத்தக்கவை இரண்டு கேள்விகளே. தன் பெயரோ பகுதியோ அறிவிக்கையில் உள்ளதா என்பது ஒன்று. இரு திசைகளிலும் மண்டலம் தொடங்குமிடத்தில் முறையான பலகை உள்ளதா என்பது மற்றொன்று. முன்னதற்கு மாநில அரசிடமும், பின்னதற்கு அச்சாலையின் உரிமையுள்ள அமைப்பிடமும் எழுத்துவடிவில் கோரிக்கை வைக்கப்பட வேண்டும். இரண்டும் இருப்பின், ஆவடிக் காவலர் கையில் ஐயத்திற்கு இடமற்ற ஒரு சட்டப் பிரிவு இருக்கும். இரண்டும் இல்லையெனில், மருத்துவமனை மதிலில் எழுதப்பட்ட வாசகம் ஓட்டுநரின் மனச்சான்றை மட்டுமே நம்பி நிற்கும்.